இரண்டு வருடமும் ஒரு பாஸ்புக்கும்



போன வாரம் ஒரு திருமண வீட்டில் பழைய மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், எங்க சித்தப்பா டேனரியில அடிபட்டு செத்து ரெண்டு வருஷம் தாண்டிப் போச்சு. இனி நஷ்டஈடு கேட்க முடியாதாமே, உண்மையா?" நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. என் பெரியப்பா பேரணாம்பட்டுப் பக்கம் பச்சைத் தோல் சுமக்கும் வேலை செய்தவர். 1961ஆம் ஆண்டு. எனக்கு அப்போது மூன்று வயது. முழங்கையில் ஒரு கொப்புளம் வந்து, நடுவில் கரியாகக் கருத்து, கையே வீங்கிவிட்டதாம். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் போய்விட்டார். என்ன நோய் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. முதலாளி வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்தது. பெரியம்மா அதைப் பெரிய உதவியாகவே கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, சமூக அறிவியல் பாடம் நடத்த ஆரம்பித்த பிறகுதான் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தைப் படித்தேன். 1923இல் வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சட்டம். அதில் தொழில் சார்ந்த நோய்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. ஆட்டிலும் மாட்டிலும் வருகிற அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், ஆரம்பத்திலேயே அந்தப் பட்டியலில் இருந்தது. தோலும் ரோமமும் கையாளுகிறவர்களுக்கு அது தொற்றும் என்பது அன்றே தெரியும். பெரியப்பாவுக்கு வந்தது அதுதானா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கேட்டுப் பார்க்க ஒரு சட்டம் இருந்தது. கேட்பதற்கு ஒரு கெடுவும் இருந்தது. இரண்டும் எங்கள் வீட்டுக்குத் தெரியவில்லை.

அந்தக் கெடுவின் வரலாறுதான் இன்றைய பாடம்.

1923 சட்டத்தில் மனு கொடுக்க ஆறு மாதம்தான். காலம் போனால் சாட்சி கலைந்துவிடும், பழைய விபத்தைப் புதிதாகக் கிளப்பினால் முதலாளி எப்படிப் பதில் சொல்வார் என்பது கெடு வைப்பதற்கான நியாயம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்துக்கு, காரியம் முடிந்து கடன் அடைப்பதற்கே ஆறு மாதம் போய்விடும். பிறகு அது ஓராண்டாயிற்று. 1962 திருத்தத்தில் இரண்டாண்டாயிற்று. பெரியப்பா இறந்த அடுத்த வருடம்!

இரண்டு வருடம் என்று பலருக்குத் தெரியும். எந்த நாளிலிருந்து இரண்டு வருடம் என்பதில்தான் ஏமாந்து போகிறார்கள். விபத்தில் காயம் என்றால் விபத்து நடந்த நாளிலிருந்து. இறப்பு என்றால் இறந்த நாளிலிருந்து. அடிபட்டு எட்டு மாதம் படுத்திருந்து இறந்தவருக்கு, அடிபட்ட தேதியைப் பார்த்து "கெடு முடிந்தது" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

நோய்க்கு வேறு கணக்கு. நம் பக்கம் ஆவாரம் பட்டைக் குழிகள் போய் குரோம் டிரம்கள் வந்த பிறகு, குரோமியத்தால் வரும் புண்ணும் விஷமும்தான் அதிகம் பேசப்படுகின்றன. அவையும் சட்டத்தின் பட்டியலில் உண்டு. ஆனால் அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். நோயால் வேலைக்குப் போக முடியாமல் நின்ற முதல் நாளையே விபத்து நாளாக வைத்து எண்ண வேண்டும். வேலையை விட்டு நின்ற பிறகு, இரண்டு வருடத்துக்குள் அறிகுறி தெரிந்தால், அது முதலில் கண்டறியப்பட்ட நாள்தான் விபத்து நாள். ஆகவே மருத்துவர் முதன்முதலாக எழுதிக் கொடுத்த சீட்டு ரொம்ப முக்கியம். அதைத் தூக்கி எறிந்தால் தேதியையே எறிந்த மாதிரி.

சரி, கெடு உண்மையிலேயே தாண்டிவிட்டால்? அதே சட்டத்தின் பத்தாம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உரிய காலத்தில் மனு கொடுக்காததற்குப் போதிய காரணம் இருந்தது என்று ஆணையர் ஏற்றுக்கொண்டால், காலம் கடந்த மனுவையும் எடுத்து விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் அந்த ஆணையராக இருப்பவர் தொழிலாளர் துறை அதிகாரி. எத்தனை மாதம் தாமதம் வரை மன்னிக்கலாம் என்று சட்டம் எண் எதுவும் வைக்கவில்லை. காரணம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கதவு எப்படித் திறக்கிறது என்பதை நான் கூடவே இருந்து பார்த்த ஒரு வழக்கில் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

2018 செப்டம்பரில் ஒரு மாணவன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தான். அப்பாவுக்கு நாற்பது வயது. சின்ன டேனரி ஒன்றில் வேலை. 2016 பிப்ரவரியில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர், விஷவாயு தாக்கி உள்ளேயே விழுந்துவிட்டார். முதலாளி ஐம்பதாயிரம் கொடுத்து, முத்திரைத்தாளில் "இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். "மீதியைப் பார்த்துச் செய்கிறேன்" என்ற வாக்குறுதி மட்டும் வாயால். கெடு 2018 பிப்ரவரியோடு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அந்த அம்மா, "எங்களுக்குச் சட்டம் தெரியாதுங்க ஐயா" என்றார். மனுவில் அதை மட்டும் எழுதினால் போதாது என்றார் நாங்கள் போய்ப் பார்த்த வக்கீல். சட்டம் தெரியாது என்பது தனியாக நிற்கிற காரணம் இல்லையாம். "இந்த இரண்டரை வருடத்தில் என்னென்ன நடந்தது, தேதி வாரியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

பையன் பாஸ்புக்கை எடுத்து வந்தான். 2016 அக்டோபரில் பத்தாயிரம், 2017 டிசம்பரில் பதினைந்தாயிரம், முதலாளியின் கணக்கிலிருந்து வந்திருந்தது. கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதுகூடப் பணம் போட்டு நம்பிக்கையூட்டியிருக்கிறார்! அதற்குப் பிறகு? 2018 ஜனவரியில் அம்மாவுக்கு அரசு மருத்துவமனையில் கர்ப்பப்பை அறுவை, மறுபடியும் காய்ச்சலோடு சேர்ப்பு, ஜூலை வரை சீட்டுகள். இப்படித் தாமதம் முழுவதற்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காகிதம் கிடைத்தது.

இழப்பீட்டு மனுவோடு, தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் தனி மனுவும், பிரமாண வாக்குமூலமும் வைத்தோம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சம்பளத்துக்கு ஆதாரம் ஆகியவையும் சேர்ந்தன.

முதலாளி தரப்பு மூன்று வாதம் வைத்தது. தங்களுக்கு முன்னறிவிப்பு நோட்டீஸ் தரவில்லை என்றது ஒன்று. முதலாளியின் இடத்திலேயே விபத்து நடந்து, அவருக்கே தெரிந்திருக்கும்போது நோட்டீஸ் இல்லாதது தடை ஆகாது என்று சட்டமே சொல்கிறது. முத்திரைத்தாள் இருக்கிறது என்றது இரண்டாவது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தால் கணக்கில் வராது, மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் மட்டும் விலக்கு. காலம் கடந்தது என்றது மூன்றாவது. அதற்குப் பாஸ்புக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டும் பதில் சொல்லின. எங்கள் வக்கீல், 1987இல் காஷ்மீர் நில எடுப்பு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துக் காட்டினார். தாமதிப்பதால் வழக்காடுபவருக்கு லாபம் எதுவும் இல்லை, ஆகவே காரணத்தைப் பகுத்தறிவோடு பார்க்க வேண்டும், நாள் நாளாகக் குடைய வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

ஆணையர் தாமதத்தை ஏற்றுக்கொண்டார். தொகை எப்படி வந்தது என்பதையும் கேளுங்கள். இறப்புக்குச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற காரணியால் பெருக்க வேண்டும். அவருடைய சம்பளம் 9,500. ஆனால் அப்போது கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு 8,000. பாதி 4,000. நாற்பது வயதுக்கான காரணி 184.17. பெருக்கினால் 7,36,680 ரூபாய். அதோடு ஈமச்செலவுக்கு 5,000, தாமதித்ததற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தங்கையின் பங்கு அவள் பெயரில் வங்கியில் போடப்பட்டது. அவள் இப்போது நர்சிங் படிக்கிறாள்.

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். அந்த டேனரியில் பத்துப் பேருக்கும் குறைவு, ஈஎஸ்ஐ கிடையாது. அதனால்தான் இந்த வழி. சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், இந்தச் சட்டத்தின் கீழ் கேட்க முடியாது, ஈஎஸ்ஐயிடம்தான் கேட்க வேண்டும். அங்கே கெடு இன்னும் குறுகியது. பலன் கிடைக்க வேண்டிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கோர வேண்டும். அது தாண்டினால், நியாயமான காரணம் காட்டி ஈஎஸ்ஐ நீதிமன்றத்தில்தான் கூடுதல் காலம் கேட்க முடியும். தவறான அலுவலகத்தில் இரண்டு வருடம் நடந்துவிட்டு, சரியான அலுவலகத்துக்குக் காலம் கடந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

இந்தப் பழைய சட்டங்களை 2020இல் நாடாளுமன்றம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆகவே விபத்து நடந்த தேதியைச் சொல்லி, எந்தச் சட்டம் பொருந்தும் என்று தொழிலாளர் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டில் கேட்ட தம்பிக்கு: உன் சித்தி வீட்டு டிரங்குப் பெட்டியைத் திற. பாஸ்புக், ஆஸ்பத்திரிச் சீட்டு, போனில் வந்த குறுஞ்செய்தி, எதையும் கழிக்காமல் தேதி வாரியாக அடுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குக் கொண்டு வா. உட்கார்ந்து பார்ப்போம். பெரியம்மாவுக்குச் செய்ய முடியாததை உன் சித்திக்காவது செய்யலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்