இரத்தக் காரீய அளவு (குழந்தைகளில்)

உடலில் சேர்ந்த காரீயத்தைக் கண்டறியும் முதன்மையான சோதனை. இரத்தத்திலுள்ள காரீயத்தில் ஏறக்குறைய முழுவதும் சிவப்பணுக்களுக்குள் இருப்பதால் சீரம் இதற்குப் பயன்படாது. உறையாத முழு இரத்தமே வேண்டும். சாதாரணக் குழாயின் கண்ணாடியும் ரப்பர் மூடியுமே சிறிதளவு உலோகத்தைக் கசியவிடலாம். ஆகவே நுண்தனிமங்கள் நீக்கப்பட்டதெனச் சான்றளிக்கப்பட்ட, இ.டி.டி.ஏ. உள்ள கருநீல மூடிக் குழாயில் இரத்தம் எடுத்து, உறையாதபடி மெதுவாகப் பலமுறை கவிழ்த்துக் கலப்பார்கள்.

குழந்தைகளுக்கு விரல்நுனியில் குத்தி எடுப்பது எளிது. பிழையும் அங்கேதான் நுழைகிறது. தோலில் ஒட்டிய தூசியிலுள்ள காரீயம் துளியில் கலந்து அளவைப் பொய்யாக உயர்த்தும். ஸ்பிரிட் பஞ்சு கிருமியைக் கொல்லுமே தவிர உலோகத்தை அகற்றாது. சோப்பும் நீரும் கொண்டு கழுவி, முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு விரல் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம் வந்தால், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் (சி.டி.சி.) நெறிப்படி ஒரு மாதத்துக்குள் சிரை இரத்தத்தில் உறுதிசெய்ய வேண்டும். அதில் 3 வந்தால், முந்தைய உயர்வுக்குத் தோல் மாசே பெரும்பாலும் காரணம். 12 நிலைத்தால் வீட்டில் மூலத்தைத் தேட வேண்டும்.

அம்மையம் 2021 முதல் 3.5-ஐ ஒப்பீட்டு எல்லையாகக் கொள்கிறது. அது பாதுகாப்பு எல்லை அன்று. மக்கள்தொகையில் உயர்ந்த அளவுள்ள குழந்தைகளைப் பிரித்துக் காட்டும் கோடு மட்டுமே. உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து பொதுவாக 45 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் தரப்படுகிறது.