லட்சுமி விலாஸ் வங்கி: 15 ரூபாய் பங்கு பூஜ்யம் ஆன கதை

நாமக்கல்லிலிருந்து தெற்கே போய்க் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கரூர். 1926 நவம்பரில் வி.எஸ்.என். ராமலிங்க செட்டியார் தலைமையில் ஏழு வியாபாரிகள் சேர்ந்து அங்கே ஆரம்பித்ததுதான் லட்சுமி விலாஸ் வங்கி. சுற்று வட்டார வியாபாரிகளுக்கும் சிறு தொழில்களுக்கும் கடன் கொடுத்தே வளர்ந்த வங்கி அது. 94 வருடம் கழித்து, 2020 நவம்பர் 27ஆம் தேதி, அது சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கோ ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை.

பத்து நாளைக்கு முன்புவரை அந்தப் பங்கு 15 ரூபாய் சொச்சத்துக்கு விற்றுக்கொண்டிருந்தது. அப்படியானால் சந்தை எதை நம்பி 15 ரூபாய் கொடுத்தது?

நிதி ஆய்வாளர் வேலைக்கான இன்டர்வியூவில் கேட்கப்படும் கேள்வியும் ஏறக்குறைய இதுதான். கையில் நிதியறிக்கையைக் கொடுத்து, "இந்தக் கம்பெனிக்கு என்ன விலை போடுவீர்கள்?" என்பார்கள். ஒரு எண்ணைச் சொன்னதும், "ஏன் அந்த எண்?" என்று அடுத்த கேள்வி வரும். பலர் தடுமாறுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். 2020 மார்ச் மாத அறிக்கையை வைத்து இந்த வங்கிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், எந்த முறையில் மதிப்பிடுவது? சாதாரணக் கம்பெனி என்றால் வருங்காலத்தில் கைக்கு வரும் பணத்தைக் கணக்கிட்டு, அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டு வரலாம். வங்கிக்கு இது சரிப்படாது. நூற்பாலைக்குப் பஞ்சு எப்படியோ, வங்கிக்கு டெபாசிட் அப்படி. அதுவே கடன், அதுவே மூலப்பொருள். அதனால் வங்கியைப் புத்தக மதிப்பை வைத்துத்தான் பார்ப்பார்கள். சொத்திலிருந்து கடனைக் கழித்தால் பங்குதாரருக்கு மிஞ்சுவதே புத்தக மதிப்பு. நல்ல லாபம் காட்டும் வங்கிக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குகூடக் கொடுக்கலாம்.

லட்சுமி விலாஸ் வங்கி 2016-17ல் 256 கோடி ரூபாய் லாபம் காட்டியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் நஷ்டம் முறையே 585 கோடி, 894 கோடி, 836 கோடி. லாபமே இல்லாத இடத்தில் எத்தனை மடங்கு என்ற பேச்சுக்கு இடமில்லை. மிச்சம் இருப்பது ஒரே கேள்விதான். புத்தகத்தில் எழுதியிருக்கும் சொத்து உண்மையிலேயே அங்கே இருக்கிறதா?

நாமக்கல்லில் பழைய லாரி வாங்க வருகிறவர் பெயின்ட்டைப் பார்த்து விலை பேசமாட்டார். கீழே குனிந்து சேஸிஸைப் பார்ப்பார். வங்கியின் அறிக்கையில் அப்படிக் குனிந்து பார்க்க வேண்டிய இடம் நிகர வாராக்கடன்.

2020 மார்ச்சில் வங்கியின் மொத்த வாராக்கடன் சுமார் 4,233 கோடி ரூபாய். கொடுத்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 25 ரூபாய்க்கு மேல் வராமல் நின்றது. இதில் பெரும்பகுதிக்கு வங்கி ஏற்கெனவே நஷ்டம் ஒதுக்கிவிட்டது. ஒதுக்கியது போக மீதி சுமார் 1,388 கோடி. இதுதான் நிகர வாராக்கடன். "கெட்டுப்போன கடன்தான், ஆனாலும் இவ்வளவு திரும்ப வரும்" என்று வங்கி நிர்வாகம் நினைக்கும் தொகை இது. அதாவது இது கல்லாவில் எண்ணிய பணம் இல்லை, ஒரு அபிப்பிராயம்.

இப்போது கணக்கு. வங்கியின் மொத்தப் பங்குகள் சுமார் 33.67 கோடி. ஆக, 100 கோடி ரூபாய் நஷ்டம் கூடினால் பங்குக்கு ஏறக்குறைய 3 ரூபாய் போகும். நிகர வாராக்கடனில் பாதி வராது என்று வைத்துக்கொண்டால் 694 கோடி, அதாவது பங்குக்கு 20 ரூபாய்க்கு மேல். சந்தை விலையான 15 ரூபாயை இந்த ஒரு அனுமானமே விழுங்கிவிடுகிறது.

இன்னொன்றும் இருந்தது, அது அறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில். வங்கியில் தான் போட்டிருந்த சுமார் 790 கோடி ரூபாய் டெபாசிட்டை, வேறு கம்பெனிகளின் கடனுக்காக வங்கி பிடித்துக்கொண்டது என்று ரெலிகேர் ஃபின்வெஸ்ட் நிறுவனம் 2018ல் டெல்லி உயர் நீதிமன்றம் போயிருந்தது. அந்த வழக்கில் தோற்றால் பங்குக்கு இன்னும் 23 ரூபாய் போகும்.

"அதெல்லாம் ஆய்வாளரின் பயம். பாதி வராது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று இன்டர்வியூவில் மடக்கலாம். இங்கேதான் அனுமானத்தைக் காப்பாற்ற வேண்டும். வாராக்கடன் சதவீதத்தை வருடவாரியாகக் காட்டலாம். 2017ல் 2.67, 2018ல் 9.98, 2019ல் 15.30, 2020ல் 25.39. ஒவ்வொரு வருடமும் முந்தைய மதிப்பீடு தவறிப்போனது. அப்படிப்பட்ட இடத்தில் இந்த வருட மதிப்பீடு மட்டும் சரி என்று நம்புவதற்குத்தான் காரணம் வேண்டும்.

இரண்டாவது சாட்சி மூலதன விகிதம். ரிசர்வ் வங்கி கேட்டது 10.875 சதவீதம். வங்கியிடம் இருந்தது 1.12 சதவீதம். அதிலும் பங்குதாரர் பணம் அடங்கிய முதல் அடுக்கு மைனஸ் 0.88. புத்தகத்தில் சொத்தாக நிற்கும் சிலவற்றை ரிசர்வ் வங்கி மூலதனமாக ஏற்பதில்லை. உதாரணமாக, பழைய நஷ்டத்தால் வருங்காலத்தில் மிச்சமாகும் என்று எழுதிவைக்கும் வரி. லாபம் வந்தால்தானே வரி மிச்சம்!

அப்படியானால் 15 ரூபாய் எங்கிருந்து வந்தது? யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கையிலிருந்துதான். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2019 ஏப்ரலில் இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸ் இணைப்புக்கு ஒப்புக்கொண்டது. 100 வங்கிப் பங்குக்கு 14 இந்தியாபுல்ஸ் பங்கு என்று பேச்சு. இந்தியாபுல்ஸ் அப்போது சுமார் 900 ரூபாய் என்பதால் வங்கிப் பங்குக்கு 126 ரூபாய் என்று ஆனது. அக்டோபரில் ரிசர்வ் வங்கி அனுமதி மறுத்தபோது இந்தியாபுல்ஸ் பங்கே 300க்குக் கீழே விழுந்திருந்தது. அதே 14 பங்கு இப்போது 42 ரூபாய்கூடப் பெறாது. 2020ல் கிளிக்ஸ் கேபிடலுடன் நடந்த பேச்சும் முடிவுக்கு வரவில்லை.

சரி, காப்பாற்ற ஒருவர் வந்தே இருந்தால்? டிபிஎஸ் பின்னர் போட்ட தொகை 2,500 கோடி. அதை 15 ரூபாய் விலையில் பங்காக வாங்கியிருந்தால் 166 கோடிக்கு மேல் புதுப் பங்குகள் வந்திருக்கும். பழைய பங்குதாரர் கையில் மிஞ்சுவது ஆறில் ஒரு பங்குதான். மேலும், பழைய ஓட்டையை அடைக்கும் செலவில் ஆறில் ஐந்து பாகம் புதியவர் தலையில் விழும். அந்த விலைக்கு யாரும் வராததில் ஆச்சரியம் இல்லை.

பூஜ்யம் நியாயமா என்பதில் எதிர்வாதமும் உண்டு. 560க்கும் மேற்பட்ட கிளைகள், 94 வருட வாடிக்கையாளர்கள், இதற்கெல்லாம் விலையே கிடையாதா என்று கேட்டுப் பங்குதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். ஓடும் வங்கியாகப் பார்த்தால் அந்தக் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் 2020 நவம்பர் 17 மாலை அது ஓடும் வங்கியாக இல்லை. டெபாசிட்தாரர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அன்றுதான் தடை வந்தது.

ஆக, இன்டர்வியூவில் இந்த வங்கிக்கு 15 என்று சொன்னாலும் பதில்தான், பூஜ்யம் என்று சொன்னாலும் பதில்தான். 15 என்று சொல்பவர் "காப்பாற்ற ஆள் வரும், அவர் பழைய பங்குதாரருக்கும் பணம் விடுவார்" என்ற இரண்டு அனுமானங்களையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தாலே அவை எவ்வளவு தாங்கும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.