கட்டிய கைகள் சொல்வது என்ன?

பணி நேர்காணல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். குளிரூட்டப்பட்ட அறை, கைப்பிடி இல்லாத நாற்காலி. 'முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?' என்ற கேள்வி வந்ததும், எதிரே அமர்ந்திருக்கும் இளைஞர் மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொள்கிறார். தேர்வுக் குழுவில் ஒருவர், 'எதையோ மறைக்கிறார்' என்று தம் தாளில் குறித்துக்கொள்கிறார். ஒருவரின் வாழ்க்கை இப்படியொரு குறிப்பால் திசைமாறிவிடக்கூடும். அந்தக் குறிப்புக்கு அடிப்படை உண்டா?

கைகளைக் கட்டுவதற்குக் காரணங்கள் பல. குளிரில் உடல் வெப்பத்தை இழக்காதிருக்க, கைகளை மார்போடு சேர்த்து, உள்ளங்கைகளை அக்குளில் புதைத்துக்கொள்கிறோம். கைகளை வைக்க இடமில்லாதபோது அவற்றைக் கட்டிக்கொள்வது வசதியாக இருக்கிறது. தனியே தொலைக்காட்சி பார்ப்பவரும் அப்படித்தான் அமர்கிறார். அவர் யாரிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளவில்லை. பிடிக்காத பேச்சிலிருந்து விலகி நிற்கவும் சிலர் கைகளைக் கட்டுவது உண்மையே. ஆழ்ந்த முயற்சியும் ஒரு காரணமாகலாம். ரான் ஃப்ரீட்மன், ஆண்ட்ரூ எலியட் ஆகிய உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கைகளைக் கட்டியபடி சொற்புதிர்களுக்கு விடை தேடிய மாணவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் விடாது முயன்றனர்.

நம் மண்ணில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆசிரியர் முன்னும் பெரியவர் முன்னும் கைகட்டி நிற்பதே பணிவு என்று நம் பள்ளிகளில் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறோம். மேலைநாட்டு உடல்மொழிக் கையேடுகள் இதே தோற்றத்தை 'எதிர்ப்பு' என்று பெயர்த்துச் சொல்கின்றன. அந்தக் கையேட்டை மட்டும் படித்த தேர்வாளர், மரியாதையைப் பிடிவாதமாகப் புரிந்துகொள்வார்.

இனி, கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக, நூறு பேரில் 20 பேர் உண்மையை மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறைப்பவர்களில் 60 விழுக்காட்டினரும், மறைக்காதவர்களில் 40 விழுக்காட்டினரும் கைகளைக் கட்டுவதாகவும் கொள்வோம். அதாவது, சைகைக்குத் தாராளமாகவே மதிப்பளிக்கிறோம். அப்படியும் கைகட்டியவர்கள் மறைப்பவர்களில் 12 பேர், மற்றவர்களில் 32 பேர். ஆக 44 பேர். அந்த 44 பேரையும் சந்தேகித்தால் 32 பேருக்கு அநீதி இழைத்தவர்களாவோம்.

உண்மை நிலையும் ஊக்கமளிப்பதாக இல்லை. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006-இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பேசுவோரின் தோற்றத்தையும் பேச்சையும் கொண்டு பொய்யா மெய்யா என்று கணித்தவர்கள் சராசரியாக 54 விழுக்காடு அளவே சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைக் கவனித்து ஆபத்தானவர்களை அடையாளம் காண்பதற்கு சுமார் 90 கோடி டாலர் செலவிடப்பட்டது. அந்த முறை பயன் தரும் என்பதற்குச் சான்று இல்லை என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2013-இல் கூறி, அதற்கான நிதியைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது.

அப்படியானால் சைகைகளைக் கண்டுகொள்ளவே கூடாதா? கவனிக்கலாம், ஆனால், தீர்ப்பாக அல்ல, கேள்வியாக. முதலில், அவர் இயல்பாக எப்படி அமர்கிறார் என்று தெரிய வேண்டும். பெயரையும் ஊரையும் சொல்லும்போதே கைகளைக் கட்டியிருந்தவர், கடினமான கேள்விக்கும் அப்படியே இருந்தால் அதில் செய்தி ஏதுமில்லை. குறிப்பிட்ட கேள்விக்குப் பின்னரே மாற்றம் வந்தால், அறையின் குளிரைக் குறைத்து, அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கலாம். கைகள் அவிழ்ந்தால் காரணம் குளிராக இருக்கலாம். மீண்டும் கட்டிக்கொண்டாலும், அந்தக் கேள்வி அவருக்குச் சங்கடம் தருகிறது என்பதற்கு மேல் எதையும் சொல்ல முடியாது. சங்கடத்துக்குக் காரணம் பொய்யாக இருக்கலாம். முந்தைய அலுவலகத்தில் பட்ட அவமானமாகவும் இருக்கலாம். எது என்பதைச் சைகை சொல்லாது. அவரது விளக்கமும் முந்தைய நிறுவனத்தின் சான்றுமே சொல்லும்.

நேர்காணல் அறையோடு இது முடிவதில்லை. சாட்சியின் நடத்தை குறித்துத் தமக்கு முக்கியமெனத் தோன்றுவதை நீதிபதி பதிவுசெய்யக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-ஆவது பிரிவு வழிசெய்தது. புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. கூண்டில் கைகட்டி நிற்கும் கிராமத்து முதியவர் அஞ்சுகிறாரா, பணிகிறாரா, மறைக்கிறாரா என்பதைக் கைகளைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது. அவர் சொன்னது மற்ற சான்றுகளோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதே நியாயம்.