பிராணவாயுவும் ஆக்சிஜனும்: பிரெஞ்சு வேதியியல் நூலொன்றைத் தமிழாக்குவதில் எழும் சொற்சிக்கல்

லவாய்சியே, கித்தோன் தெ மோர்வோ, பெர்த்தோலே, ஃபூர்க்ருவா ஆகிய நால்வரும் 1787இல் பாரிஸில் வெளியிட்ட வேதியியல் பெயரிடு முறை பற்றிய நூல், ‘ஒக்சிஜேன்’ என்னும் பெயரை நிலைநிறுத்தியது. கிரேக்க வேர்களின்படி அதன் பொருள் ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்பதாகும். அந்நூல் ‘உயிர்க்காற்று’ என்னும் பழைய வழக்கை அக்காற்றுக்கும், ஒக்சிஜேனை அதன் அடிப்படைப் பொருளுக்கும் உரியவையாக்கி, உயிர்க்காற்று என்பது ஒக்சிஜேனின் வாயுநிலையே என்று விளக்குகிறது.

இவ்விளக்கத்தைத் தமிழாக்கும்போது மூவகை வழிகளும் சோதனைக்குள்ளாகின்றன. வடமொழிக் கடனான ‘பிராணவாயு’, புதுச்சொல்லாக்கமான ‘உயிர்வளி’ ஆகிய இரண்டும் உயிர்க்காற்று என்னும் பழைய பெயருக்கே நேரானவை. அவற்றை ஒக்சிஜேனுக்கு இட்டால், ‘பிராணவாயு என்பது பிராணவாயுவே’ என்ற வெற்றுரையே எஞ்சும். தமிழக வழக்கான ‘ஆக்சிஜன்’, இலங்கை வழக்கான ‘ஒட்சிசன்’ ஆகிய ஒலிபெயர்ப்புகள் அவ்வேறுபாட்டைக் காக்கின்றன. ஆயினும் பெயரிட்ட காரணத்தை மறைத்துவிடுகின்றன. ஆகவே முதலிடத்தில் ‘அமிலாக்கியாகிய ஆக்சிஜன்’ என்று பொருளையும் காட்டி, பின்னர் ஆக்சிஜன் என்றே வழங்குதல் தகும்.

பிற்கால ஆய்வுரைகளுக்கு இவ்விளக்கம் பொருந்தாது. மியூரியாட்டிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லையென 1810இல் டேவி நிறுவியதால் பெயர்க்காரணம் பொய்த்தது. பெயர் மட்டும் நிலைத்தது. அங்கு ‘அமிலாக்கி’ என எழுதுவது மறுக்கப்பட்ட கொள்கையை மீண்டும் புகுத்துவதாகும். மூலம் சொல்லின் பொருளைக் கொண்டு வாதிடுகிறதா, வெறும் பெயராக ஆள்கிறதா என்பதே வழியைத் தீர்மானிக்கும்.