மேடாக்கிய மனையும் வெள்ளக் காப்பீடும்: இழப்புக்கு முன் எழுத்துவழி விளக்கம் கோருதல்
– தவளக்குப்பம் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் தவளக்குப்பத்தைச் சுற்றியுள்ள வயல்கள் பல இன்று மனைப்பிரிவுகளாகிவிட்டன. தாழ்ந்த நஞ்சை நிலத்தில் கிராவலோ சவுடு மண்ணோ கொட்டிச் சாலை மட்டத்துக்கு உயர்த்தி, அதன்மேல் வீடு கட்டுவது இங்கு வழக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர்ப் பகுதியைச் சூழ்ந்தது. வீட்டுக் காப்பீடு பற்றி அதுவரை எண்ணிப் பார்க்காதவர்களையும் எண்ண வைத்த நாட்கள் அவை.

காப்பீடு எடுத்தவருக்கு ஒரு கேள்வி எஞ்சுகிறது. வெள்ளம் வடிந்த பின் வீட்டடி மண் உள்வாங்கிச் சுவர் வெடித்தால், அதை வெள்ளச் சேதம் என்பார்களா, மண் தாழ்ந்த சேதம் என்பார்களா? முதலாவது என்றால் பணம் கிடைக்கும். இரண்டாவது என்றால் கிடைக்காமலும் போகலாம். இந்த ஐயத்தை இழப்பு நேருமுன் நிறுவனத்திடம் எழுதிக் கேட்பது எப்படி, அந்தப் பதிலின் மதிப்பு எவ்வளவு என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஐயம் பிறக்கும் இடம்

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுப் பாலிசியை வழங்கி வருகின்றன. இதன் வாசகத்தை வகுத்தது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றே.

அதில் காப்புப் பெறும் நிகழ்வுகள் ஓர் அட்டவணையாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. சில நிகழ்வுகளுக்கு எதிரே, அதில் எது சேராது என்ற விலக்கு இருக்கும். புயல், சூறாவளி, சுனாமி, வெள்ளம், நீர் சூழ்தல் ஆகியவை ஒரு வரியில் உள்ளன. வீடு நிற்கும் நிலம் தாழ்தல், நிலச்சரிவு, பாறைச்சரிவு ஆகியவை அடுத்த வரியில் உள்ளன. இந்த இரண்டாம் வரிக்கு எதிரேதான் நமக்குரிய விலக்கு வருகிறது. புதுக் கட்டடம் இயல்பாக அமர்ந்து விரிசல் விடுவது, மண் கொட்டி மேடாக்கிய நிலம் அமர்வது அல்லது நகர்வது, கடலரிப்பு, ஆற்றரிப்பு, குறைபாடான கட்டுமானம் போன்றவற்றால் வரும் சேதம் சேராது.

இந்த விலக்கு நிலம் தாழும் வரியில் மட்டும் இருக்கிறது. வெள்ள வரியில் இல்லை. ஆகவே வெள்ளமே மண்ணைத் தாழ்த்தியிருந்தால் விலக்கு பொருந்தாது என்று பாலிசிதாரர் வாதிடலாம். வெள்ளம் தூண்டுதல் மட்டுமே, சேதத்தைச் செய்தது மேடாக்கிய மண் அமர்ந்ததே என்று நிறுவனம் வாதிடலாம். இரண்டு வாசிப்புக்கும் வாசகம் இடம் தருகிறது.

3. நிலத்தில் நடப்பது என்ன

கொட்டிய மண்ணை அடுக்கடுக்காக நீர் விட்டு இறுக்காவிட்டால் அதற்குள் காற்றிடம் நிறைய இருக்கும். காய்ந்த நிலையில் அது வீட்டைத் தாங்கும். நாட்கணக்கில் நீரில் ஊறினால் மண்துகள்களின் பிடிப்புத் தளர்ந்து திடீரென அமரும். ஓடும் நீராக இருந்தால் நுண்மண்ணை அரித்துக்கொண்டும் போகும்.

இவ்விரண்டையும் பெரும்பாலும் கண்ணால் பிரித்தறியலாம். கடைக்காலை மேடாக்கிய மண்ணைத் தாண்டி இயற்கை நிலம்வரை இறக்கியிருந்தால் சுவர்கள் நிற்கும். தரை மட்டும் இறங்கி, சுவரடிக்கும் தரைக்கும் இடையே இடைவெளி தெரியும். கடைக்கால் கொட்டிய மண்ணிலேயே நின்றிருந்தால் வீட்டின் ஒரு மூலை இறங்கும். சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகப் படிக்கட்டு வடிவில் விரிசல் ஓடும். அரிப்பு என்றால் பேஸ்மட்டத்தின் வெளிப்பக்கம் குடைந்த பள்ளம் இருக்கும். இழப்பைப் பார்க்க வரும் சர்வேயர் இந்த அடையாளங்களைத்தான் தேடுவார். எந்த அடையாளம் எந்த வரியில் சேரும் என்பது வாசகத்தின் பொருளைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை விரிசலில் இல்லை.

4. நீதிமன்றங்கள் காட்டும் வழி

இந்தப் பொருளில் முதன்மையான தீர்ப்பு ஓர் ஆற்றங்கரை வழக்கில் பிறந்தது. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் கங்கைக் கரையிலுள்ள துலியானில் ஒருவர் 1950-இல் தம் வீடுகளுக்குக் காப்பீடு கேட்டார். வெள்ளம், ஆறு திசைமாறுதல், அரிப்பு, நிலம் தாழ்தல் எல்லாம் அதில் அடங்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். நிறுவனம் ஏற்புக் கடிதம் அனுப்பியது. சில நாட்களில் காப்பை ரத்து செய்தது. பின்னர் வீடுகளை ஆறு கொண்டுபோனது. ‘ஜெனரல் அஷ்யூரன்ஸ் எதிர் சந்த்மல் ஜெயின்’ என்ற அவ்வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம் இரு கோட்பாடுகளைச் சொன்னது. வாசகத்தில் ஐயமிருந்தால் அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும். ஆனால் தரப்பினர் செய்யாத புதிய ஒப்பந்தத்தை நீதிமன்றம் செய்து தரக் கூடாது. பாலிசியில் ரத்து செய்யும் உரிமை இருந்தது, இழப்புக்கு முன்பே அது பயன்படுத்தப்பட்டது என்பதால் வீட்டுக்காரர் தோற்றார்.

முதல் கோட்பாடு பாலிசிதாரருக்கு உதவியதும் உண்டு. 2004-இல் புஷ்பாலயா அச்சக வழக்கில், சாலை வேலைக்கு வந்த புல்டோசரின் அதிர்வால் கட்டடமும் எந்திரமும் சேதமடைந்தன. வாகனம் நேரில் மோதவில்லையே என்றது நிறுவனம். பாலிசியிலுள்ள ‘தாக்கம்’ என்ற சொல் அதிர்வின் தாக்கத்தையும் தழுவும் என்று கொண்டு, ஐயத்தின் பலனைப் பாலிசிதாரருக்கே கொடுத்தது உச்ச நீதிமன்றம். ஆனால் 2016-இல் ஒடிசாவின் தொழில் மேம்பாட்டு முதலீட்டுக் கழக வழக்கில், வணிகக் காப்பீட்டு ஒப்பந்தங்களுக்கு அந்த விதியைப் பொருத்த முடியாது என்றது.

ஐயத்தின் பலன் நமக்கு வரும் என்று நம்பி இருந்துவிட முடியாது என்பதே இத்தீர்ப்புகள் தரும் பாடம். வீட்டுப் பாலிசியில் இன்னொரு வாதமும் எழக்கூடும். வாசகத்தை எழுதியது ஆணையமே, நாங்கள் அல்லவே என்று நிறுவனம் சொல்லலாம்.

5. கடிதமே ஏன் வழி

இழப்புக்கு முன் இந்த ஐயத்தைத் தீர்க்கும் மன்றம் எதுவும் எளிதில் கிடைக்காது. 2017-ஆம் ஆண்டு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் விதிகள் பாலிசியின் சட்டப் பொருள் பற்றிய தகராறையும் ஏற்கின்றன. ஆனால் அது ஓர் இழப்பீட்டுக் கோரிக்கையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். கோரிக்கை இல்லாத நிலையில் புதுச்சேரிக்காரர் சென்னைக் குறைதீர்ப்பாளரிடம் போனால், அது இன்னும் தகராறு ஆகவில்லை என்ற பதிலே வரும். ஆகவே கேட்கத்தக்க ஒரே இடம் நிறுவனம்தான்.

காலமும் முக்கியம். இழப்புக்கு முன் தரும் விளக்கத்துக்கு நிறுவனம் உடனே காசு எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. இழப்புக்குப் பின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தொகை ஒட்டிக்கொள்ளும். பாலிசி புதுப்பிப்புக்கு ஒன்றரை மாதம் முன்பு கேட்பது நல்லது. பதில் பாதகமாக வந்தால் வேறு நிறுவனத்தையோ கூடுதல் காப்பையோ தேட அப்போது நேரமிருக்கும்.

6. கடிதத்தின் அமைப்பு

கடிதம் பாலிசி வழங்கிய கிளையின் மேலாளருக்குப் போக வேண்டும்; நகல் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு. முகவர் வாய்மொழியாகச் சொல்வது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்று நம்பக் கூடாது. மின்னஞ்சலோடு ஒப்புகையுள்ள தபாலிலும் அனுப்புவது நல்லது.

“என் வீட்டுக்கு எல்லாம் கிடைக்குமா?” என்ற கேள்விக்கு “பாலிசி விதிகளின்படி” என்ற பதில்தான் வரும். ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்வியே பயன்படும். தெளிவாக உள்ளதைக் கேட்கவும் வேண்டாம். வெள்ளநீர் புகுந்து கதவும் கட்டிலும் கெடுவது வெள்ள வரியில் அடங்கும் என்பதில் ஐயமில்லை; அதைக் கேட்டால் உரிய கேள்வியின் கூர்மைதான் மழுங்கும்.

தவளக்குப்பத்தில் மேடாக்கிய மனையில் வீடு வைத்திருக்கும் ஒருவர் எழுதக்கூடிய கடிதத்தின் மாதிரி இது. அளவுகள் எடுத்துக்காட்டுக்காகத் தரப்பட்டவை.

> பொருள்: வீட்டுப் பாலிசி – வெள்ளம், நிலம் தாழ்தல் ஆகிய வரிகளின் தொடர்பு குறித்து எழுத்துவழி விளக்கம் கோருதல்.
>
> ஐயா / அம்மா,
> மேற்படி பாலிசியில் காப்புப் பெற்ற என் வீடு, முன்பு நஞ்சையாக இருந்து சுமார் நான்கடி கிராவல் கொட்டி மேடாக்கிய மனையில் உள்ளது. கடைக்கால் இயற்கை நிலம்வரை இறக்கப்பட்டுள்ளது. தரை கொட்டிய மண்ணின் மேல் உள்ளது. இதுவரை எந்த இழப்பும் நேரவில்லை. இது இழப்பீட்டுக் கோரிக்கை அன்று.
>
> 1. வெள்ளநீர் வீட்டைச் சூழ்ந்து நின்று, தரைக்கடியிலுள்ள மண்ணை அரித்தோ ஊறச் செய்தோ தரையும் சுவரும் சேதமடைந்தால், அது வெள்ள வரியில் அடங்குமா? நிலம் தாழ்தல் வரியிலுள்ள மேடாக்கிய நில விலக்கு அச்சேதத்துக்குப் பொருந்துமா?
>
> 2. அதே வெள்ளத்தின் விளைவாக, நீர் வடிந்து சில வாரங்களுக்குப் பின் சேதம் வெளிப்பட்டால் விடை மாறுமா?
>
> தங்கள் விடையைப் பாலிசியின் மேற்குறிப்பாக வழங்கவும். இயலாவிடில் அதிகாரமுள்ள அலுவலரின் கையொப்பத்துடன் கடிதமாக வழங்கவும்.

மனை மேடாக்கப்பட்டது என்ற செய்தியைப் பாலிசிதாரரே சொல்வது ஏன்? காப்பீடு முழு நேர்மையின்மேல் நிற்கும் ஒப்பந்தம். அச்செய்தியை எழுத்தில் அறிந்த பின்னும் நிறுவனம் பிரீமியம் வாங்கிப் புதுப்பித்தால், ‘மறைத்துவிட்டார்’ என்ற வாதம் பின்னாளில் நிற்பது கடினம். கடிதத்துக்குப் பதிலே வராவிட்டாலும் இந்தப் பயன் மிஞ்சும்.

கேட்டதற்காகவே பாலிசியை ரத்து செய்துவிடுவார்களோ என்ற அச்சம் துலியான் வழக்கைப் படித்தவருக்கு எழலாம். ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, தனிநபர் பாலிசியை மெய்ப்பிக்கப்பட்ட மோசடிக்காக மட்டுமே, குறைந்தது 7 நாள் அறிவிப்புடன் நிறுவனம் ரத்து செய்யலாம். அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பில் பிரீமியமோ நிபந்தனையோ மாறக்கூடும். அந்த அபாயம் உண்டு.

7. பதில்களும் அவற்றின் மதிப்பும்

வலுவானது மேற்குறிப்பு. அது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். அடுத்தது அதிகாரமுள்ளவர் கையொப்பமிட்ட கடிதம். அதற்கு மாறாகப் பின்னர் நிறுவனம் பேசினால் குறைதீர்ப்பாளர் முன்போ நுகர்வோர் ஆணையத்திலோ அதை வைக்கலாம். அப்போதும் அது வாசகத்தின் பொருளை மட்டுமே தீர்க்கும். உண்மையில் வெள்ளம்தான் மண்ணைத் தாழ்த்தியதா என்பதைச் சர்வேயர் பார்த்தே சொல்ல வேண்டும்.

“விதிகளின்படி பரிசீலிக்கப்படும்” என்ற பதில் விடை ஆகாது. கேள்வி எண்ணைச் சுட்டி ஒருமுறை மீண்டும் எழுதலாம். பிறகு நிறுவனத்தின் குறைதீர் பிரிவிலும், ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியலாம். அங்கே கேட்க வேண்டியது பதில் தராமை பற்றி. இழப்பீடு பற்றி அல்ல. “பொருந்தும், பணம் கிடைக்காது” என்ற பாதகமான பதிலும் பயனுள்ளதே. தரைக்கடி மண்ணை இறுக்குவது, பேஸ்மட்டத்தைச் சுற்றிக் கல் பதிப்பது, வேறு காப்புத் தேடுவது ஆகியவற்றைப் புயலுக்கு முன்பே முடிவு செய்ய அது உதவும்.

8. முடிவுரை

ஐயத்தின் பலன் பாலிசிதாரருக்கே என்ற விதி, இழப்பு நேர்ந்து தகராறு முற்றிய பின் கைகொடுக்கும் விதி. அதுவும் எல்லா வழக்கிலும் கைகொடுப்பதில்லை. முன்கூட்டிய கடிதம் அந்தத் தகராறைப் பாதியாகக் குறைக்கும்: பொருள் பற்றிய கேள்வி தீர்ந்து, உண்மை பற்றிய கேள்வி மட்டும் எஞ்சும். மேடாக்கிய மனையில் வீடு வைத்திருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தம் பாலிசியின் அட்டவணையில் வெள்ள வரியையும் அதற்கடுத்த வரியையும் சேர்த்துப் படித்து, மேற்சொன்ன இரு கேள்விகளையும் எழுதி அனுப்பி, ஒப்புகையைப் பாலிசியோடு வைத்துக்கொள்ள வேண்டும்.