தொண்ணூறு நாள் தாளின் இரண்டு ஊற்றுகள்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் கடைவது போன்ற வேலைகளைச் செய்யும் சிறு பட்டறைகள் நிறைய உண்டு. இத்தகைய பட்டறையில் புதிதாகச் சேரும் ஆபரேட்டரை 30, 60, 90-ஆம் நாட்களில் சோதித்துத் தாளில் குறித்து வைப்பது ஒரு வழக்கம். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? நிர்வாகவியல் புத்தகங்களிலிருந்து என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மைக்கேல் வாட்கின்ஸ் எழுதிய முதல் 90 நாட்கள் பற்றிய நூல் 2003-இல்தான் வந்தது. அதுவும் புதுப் பதவி ஏற்கும் தலைவர்களுக்கானது. பட்டறைத் தாளின் வேர் அதைவிடப் பழையது என்பது என் வாதம். ஒரு வேர் சட்டத்தில் இருக்கிறது, மற்றொன்று போர்க்காலப் பயிற்சியில்.

முதலில் சட்டம். 1946-ஆம் ஆண்டின் தொழில் நிறுவன வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டத்தை ஒட்டிய மத்திய அரசின் மாதிரி நிலையாணைகள், நிரந்தரப் பணியிடத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டு 3 மாத வேலையை முடிக்காதவரைத் தகுதிகாண் பருவத்தினர் என்றன. 90 நாள் என்பது இந்த 3 மாதம்தான். சட்டம் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த ஆலைகளை நோக்கியதாக இருந்தது, சிறு பட்டறைகளை அது நேராகக் கட்டுப்படுத்தவில்லை. பெரிய ஆலைகளில் வேலை பார்த்து வந்தவர்கள் சொந்தப் பட்டறை போட்டபோது அந்த வழக்கமும் கூடவே வந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் சட்டம் சொன்னது முடிவு எடுக்க வேண்டிய கெடுவை மட்டுமே. அந்த 3 மாதத்தில் எதை, எத்தனை முறை பார்ப்பது என்பதில் அது தலையிடவில்லை.

அந்த இடத்தை நிரப்பியது இரண்டாவது வேர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் 1940 முதல் 1945 வரை நடந்த ‘டி.டபிள்யூ.ஐ.’ திட்டம், சூப்பர்வைசர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் முறையை நான்கு படிகளாக வகுத்தது: கற்பவரைத் தயார்செய்வது, செய்து காட்டுவது, அவரையே செய்யவைப்பது, பிறகு தொடர்ந்து கவனிப்பது. நான்காவது படிதான் நம் தாளின் மூதாதை. ஆனால் அதில் நாட்கணக்கு கிடையாது. தொடக்கத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும், கை தேறத் தேறக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் விதி. போருக்குப் பின் ஜப்பானிய ஆலைகள் இதை ஊன்றிப் பின்பற்றின.

சென்னையைச் சுற்றி இந்த இரண்டு வேர்களும் பின்னிக்கொண்டது 1990-களில் என்று கருதலாம். பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசு பெற்றது. அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பொருள் வாங்கும் கம்பெனிகள் பட்டறைகளைத் தணிக்கை செய்யத் தொடங்கியபின், பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது, அது பலித்ததா என்பதற்கும் சான்று வேண்டியிருந்தது. இன்றைய ஐ.எஸ்.ஓ. 9001, ஐ.ஏ.டி.எஃப். 16949 இரண்டும் அந்தச் சான்றைக் கேட்கின்றன. எத்தனையாவது நாள் என்று இரண்டுமே சொல்லவில்லை. சான்றுக்கு ஒரு தேதி வேண்டும், கையில் இருந்த தேதி 3 மாதம். அதை மூன்றாகப் பங்கிட்டார்கள். அடிக்கடி தொடங்கி மெல்லக் குறையவேண்டிய கவனிப்பு இப்படித்தான் சம இடைவெளிக்கு வந்தது.

அதனால் என்ன கெடுகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். சி.என்.சி. லேத்தில் 25.00 மி.மீ. வெளிவிட்டம் கடைய வேண்டும். இன்ஸர்ட் தேய்ந்து அளவு 25.03 வருகிறது. எக்ஸ் அச்சின் தேய்மான ஆஃப்செட்டை விட்டத்தில் கொடுக்கும் இயந்திரம் என்று கொள்வோம். புது ஆபரேட்டர் −0.03 கொடுத்தால் சரியாகிவிடும். ஒரு மாதம் இதையே செய்கிறார். 30-ஆம் நாள் சோதனையில் உற்பத்தி எண்ணிக்கை திருப்தி, டிக் விழுகிறது. அடுத்த மாதம் உள்துளை வேலை வருகிறது: வேண்டியது 20.00, அளவு 19.97. இப்போது கொடுக்கவேண்டியது +0.03. அவர் கற்றதோ ‘தேய்ந்தால் மைனஸ்’ என்பது மட்டுமே. மைனஸ் போட்டதும் துளை 19.94 ஆகிறது. 60-ஆம் நாள் வரை யாரும் பக்கத்தில் வந்து நிற்கமாட்டார்கள்.

எண்ணிக்கையை வைத்து இதைப் பிடிக்க முடியாது. ஆஃப்செட் போடும் முன் ‘எந்தப் பக்கம், ஏன்?’ என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உளியின் முனை எந்தத் திசையில் நகரும் என்று அவர் விரலால் காட்டினால் கற்றுவிட்டார். மனப்பாடக் குறியைச் சொன்னால் இன்னும் இல்லை. முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை, வேலை மாறும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து — பழைய நான்காம் படி கேட்பது இதைத்தான். 30, 60, 90 இருந்துவிட்டுப் போகட்டும், அவை கையெழுத்து நாட்கள்.

நம்பத்தகாத தாளைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. மூன்று கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருக்கும். குறிப்புக் கட்டத்தில் மூன்று முறையும் ‘நன்று’. நல்ல தாளில் அந்தக் கட்டத்தில் பார்ட் நம்பரும், அன்று அளந்த அளவும், தவறாகச் சொன்ன பதிலும் இருக்கும்.