வரிசையாக்க நெறிமுறைகளின் வளர்ச்சி வீதங்கள்

வரிசையாக்க நெறிமுறை ஒன்று எடுத்துக்கொள்ளும் நேரம், உறுப்புகளின் எண்ணிக்கையான n பெருகும்போது எந்த வேகத்தில் பெருகுகிறது என்பதே அதன் வளர்ச்சி வீதம். அதே n உறுப்புகள் எந்த வரிசையில் வந்து சேர்கின்றன என்பதைப் பொறுத்து நேரம் மாறுவதால், ஒரு நெறிமுறைக்கு ஒரே விடை போதுவதில்லை. சிறந்த நிலை, சராசரி நிலை, மோசமான நிலை என்று மூன்று விடைகளைத் தருவது வழக்கம். பரவலாகப் பயன்படும் நெறிமுறைகளுக்கு அவை வருமாறு:

| நெறிமுறை | சிறந்த நிலை | சராசரி நிலை | மோசமான நிலை |
|---|---|---|---|
| குமிழி வரிசையாக்கம் | n | n² | n² |
| தேர்ந்தெடுப்பு வரிசையாக்கம் | n² | n² | n² |
| செருகு வரிசையாக்கம் | n | n² | n² |
| ஒன்றிணைப்பு வரிசையாக்கம் | n log n | n log n | n log n |
| குவியல் வரிசையாக்கம் | n log n | n log n | n log n |
| விரைவு வரிசையாக்கம் | n log n | n log n | n² |
| இன்ட்ரோசார்ட் | n log n | n log n | n log n |
| டிம்சார்ட் | n | n log n | n log n |

குமிழி முறைக்கு n என்று எழுதியிருப்பது, ஒரு சுற்றில் எந்த இடமாற்றமும் நடக்காவிட்டால் அத்துடன் நிறுத்திக்கொள்ளும் வடிவத்துக்கு மட்டும் பொருந்தும். அந்தச் சோதனை இல்லாத வடிவத்துக்கு மூன்று கட்டங்களிலும் n² தான். குவியல் முறைக்குத் தந்திருக்கும் சிறந்த நிலை, உறுப்புகள் எல்லாம் வெவ்வேறாக இருக்கும்போது உண்மை. எல்லாம் சமமாக இருந்தால் மேலே வைத்த உறுப்பு கீழே இறங்காமல் அங்கேயே நின்றுவிடும்; வேலை n அளவிலேயே முடிந்துவிடும்.

மூன்று பத்திகள் எதைச் சொல்கின்றன

சிறந்த நிலை என்றால் n சிறியதாக இருக்கும் நிலை என்று மாணவர்கள் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. n-ஐ நிலையாக வைத்துக்கொண்டு, அந்த n உறுப்புகளை அடுக்கக்கூடிய n! வரிசைகளையும் ஒவ்வொன்றாக நெறிமுறையிடம் கொடுப்பதாகக் கருத வேண்டும். மிகக் குறைந்த நேரம் எடுத்த வரிசை சிறந்த நிலை, மிக அதிக நேரம் எடுத்தது மோசமான நிலை. n! வரிசைகளுக்கும் சம வாய்ப்புத் தந்து எடுத்த சராசரியே நடுப் பத்தியில் இருப்பது. மெய்யான தரவு அப்படிச் சம வாய்ப்போடு வருவது அரிது. பெரும்பாலான கோப்புகள் ஏற்கெனவே ஓரளவு வரிசையாகவே இருக்கும். நடுப் பத்தியைப் படிக்கும்போது இந்த அனுமானத்தை மறக்கக் கூடாது.

பெரிய O குறியீட்டையும் மோசமான நிலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் உண்டு. O என்பது ஒரு சார்புக்கு மேல்வரம்பு சொல்லும் முறை மட்டுமே. மூன்று நிலைகளுக்கும் மூன்று தனிச் சார்புகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மேல்வரம்பு எழுதலாம், கீழ்வரம்பும் எழுதலாம். மேலே உள்ள அட்டவணையில் ஒவ்வொரு கட்டமும் இரண்டு பக்கமும் பொருந்தும் வரம்பு.

உறுப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மட்டுமே வரிசைப்படுத்தும் எந்த நெறிமுறையும் நடுப் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் n log n-க்குக் கீழே போக முடியாது. ஒவ்வோர் ஒப்பீடும் ஆம் அல்லது இல்லை என்ற ஒரு விடையைத்தான் தருகிறது. அந்த விடைகளை வைத்து n! வரிசைகளைப் பிரித்தறிய குறைந்தது log₂ n! ஒப்பீடுகள் வேண்டும். முதல் பத்திக்கு இந்தத் தடை கிடையாது. ஏற்கெனவே வரிசையாக உள்ள பட்டியலை n−1 ஒப்பீடுகளில் உறுதிசெய்துவிடலாம். செருகு முறையும் டிம்சார்ட்டும் அங்கே n-ஐ எட்டுவது இதனால்தான்.

செருகு வரிசையாக்கத்தின் வரி

இந்த வரியை ஒரே அளவு விளக்கிவிடுகிறது. பட்டியலில் பெரியது முன்னும் சிறியது பின்னுமாக நிற்கும் ஒவ்வோர் இணையையும் தலைகீழ் இணை என்று கொள்வோம். செருகு முறை ஓர் உறுப்பை ஓர் இடம் நகர்த்தும்போது சரியாக ஒரு தலைகீழ் இணை நீங்குகிறது. எனவே மொத்த நேரம் n-உடன் தலைகீழ் இணைகளின் எண்ணிக்கையைக் கூட்டிய அளவு. வரிசையான பட்டியலில் அப்படி ஓர் இணையும் இல்லை. முற்றிலும் தலைகீழான பட்டியலில் n(n−1)/2 உண்டு. தற்செயலாகக் கலைத்த பட்டியலில் எந்த இணையும் தலைகீழாக இருக்கப் பாதி வாய்ப்பு என்பதால், சராசரி n(n−1)/4. மோசமான நிலையில் சரிபாதிதான் என்றாலும் வளர்ச்சி வீதம் n² ஆகவே நிற்கிறது. இரண்டால் வகுப்பது வீதத்தை மாற்றாது.

விரைவு வரிசையாக்கத்தின் வரி

அட்டவணையில் மிகவும் கவனித்துப் படிக்க வேண்டிய வரி இதுதான். டோனி ஹோர் 1959-இல் உருவாக்கி 1961-இல் வெளியிட்ட இந்த நெறிமுறை, ஓர் உறுப்பைப் பிவட்டாக எடுத்து, அதைவிடச் சிறியவற்றை ஒரு பக்கமும் மற்றவற்றை மறுபக்கமும் பிரித்து, இரண்டு பக்கங்களையும் அதே முறையில் மீண்டும் வரிசைப்படுத்துகிறது. முதல் உறுப்பையே பிவட்டாகக் கொள்ளும் எளிய வடிவம் பைத்தானில் இப்படி அமையும்:

```
def qs(a):
    if len(a) < 2:
        return a
    p = a[0]
    s = [x for x in a[1:] if x < p]
    b = [x for x in a[1:] if x >= p]
    return qs(s) + [p] + qs(b)
```

ஏழு எண்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிரிப்பிலும் மற்ற உறுப்பு ஒவ்வொன்றும் பிவட்டோடு ஒருமுறை ஒப்பிடப்படுவதாகக் கணக்கு வைப்போம். 4, 2, 1, 3, 6, 5, 7 என்று வந்தால் முதல் பிவட் 4. ஆறு ஒப்பீடுகளில் 2, 1, 3 ஒரு பக்கமும் 6, 5, 7 மறுபக்கமும் பிரிகின்றன. அடுத்த பிவட்டுகள் 2, 6. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒப்பீடுகள். எஞ்சுவன எல்லாம் ஒற்றை உறுப்புகள் என்பதால் மொத்தம் 10 ஒப்பீடுகளில் வேலை முடிகிறது. இதற்குக் குறைவாக எந்த ஏழு எண் வரிசைக்கும் முடியாது.

இப்போது 1, 2, 3, 4, 5, 6, 7 என்று வரிசையாகவே கொடுத்துப் பார்க்கலாம். பிவட் 1, ஆறு ஒப்பீடுகள் செய்தும் சிறிய பக்கம் காலி, பெரிய பக்கத்தில் ஆறு உறுப்புகளும் அப்படியே. அடுத்து ஐந்து ஒப்பீடுகள், பிறகு நான்கு என்று இறங்கி மொத்தம் 21. செருகு முறை ஆறே ஒப்பீடுகளில் முடிக்கும் பட்டியல், இந்த வடிவத்துக்கு மோசமான நிலையாகிவிடுகிறது. ஆக, மோசமான நிலை என்பது தரவுக்கு மட்டும் உரிய குணமன்று. தரவும் நெறிமுறையும் சந்திக்கும் இடத்தில் பிறப்பது.

எல்லா வரிசைகளுக்கும் சராசரி எடுத்தால் இந்த நெறிமுறைக்கு 2(n+1)Hₙ − 4n ஒப்பீடுகள் ஆகின்றன. இங்கே Hₙ என்பது 1 + 1/2 + … + 1/n என்ற கூட்டல். ஏழு உறுப்புகளுக்கு இது சுமார் 13.5. ஏழில் பெரிய வேறுபாடு தெரியாது. 1023 உறுப்புகளுக்குப் போனால் படம் தெளிவாகிறது. சிறந்த நிலை 8,194 ஒப்பீடுகள், சராசரி ஏறத்தாழ 11,285, மோசமான நிலை 5,22,753. சராசரி சிறந்த நிலையை ஒட்டியே நிற்கிறது. மோசமான நிலை நாற்பது மடங்குக்கும் மேல் விலகிப் போய்விட்டது. செருகு முறையில் சராசரி மோசமான நிலையின் பக்கம் சாய்ந்தது, இங்கே சிறந்த நிலையின் பக்கம் சாய்கிறது. விரைவு முறை தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வது இந்தச் சாய்வால்தான். பிவட் ஓரளவு நடுவில் விழுந்தாலே போதும். மிகச் சரியாக நடுவில் விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மோசமான நிலையில் நேரம் மட்டும் கெடுவதில்லை. தற்சுழற்சியின் ஆழமும் n வரை போகிறது. மேலே உள்ள நிரலுக்கு `list(range(2000))` என்று வரிசையான பட்டியலைக் கொடுத்தால், பைத்தானின் இயல்பான ஆழ வரம்பு 1000 என்பதால் `RecursionError` வந்து நின்றுவிடும். அதே 2000 எண்களைக் கலைத்துக் கொடுத்தால் எந்தச் சிக்கலும் இராது. எல்லா உறுப்புகளும் சமமாக உள்ள பட்டியலும் இதே பிழையைத் தரும். சமமானவை அனைத்தும் ஒரே பக்கம் போய்ச் சேருவதே காரணம். சமமானவற்றை நடுவில் தனிக் குழுவாகப் பிரிக்கும் மும்முனைப் பிரிப்பில் அதே பட்டியல் ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

கையில் உள்ள நிரல் எந்தப் பத்தியில் ஓடுகிறது என்று அறிய, உறுப்புகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி நேரத்தை அளப்பது நல்ல வழி. நேரம் நான்கு மடங்கானால் n². இரண்டு மடங்கைவிடச் சற்றே கூடினால் n log n. ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குப் போகும்போது அது சுமார் 2.2 மடங்கு. கலைத்த பட்டியலோடு நிறுத்தாமல் வரிசையானது, தலைகீழானது, எல்லாம் சமமானது ஆகிய மூன்றிலும் அளக்க வேண்டும். கலைத்த தரவில் மட்டும் சோதித்தால் தெரிவது நடுப் பத்தி ஒன்றே.

பிவட் தேர்வு

முதல், நடு, கடைசி உறுப்புகள் மூன்றில் நடுமதிப்பைப் பிவட்டாகக் கொண்டால் வரிசையான பட்டியல் ஆபத்தாக இராது. ஆயினும் கடைசிப் பத்தி n² ஆகவே இருக்கும். கெடுதல் செய்யும் வரிசை வேறொன்றாக மாறுகிறது, அவ்வளவுதான். பிவட்டைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தால் நிலைமை வேறு. அப்போது n log n என்ற சராசரி, தரவு எப்படி வரும் என்ற அனுமானத்தை நம்பி நிற்பதில்லை. வெவ்வேறு உறுப்புகள் கொண்ட எந்தப் பட்டியலுக்கும் அந்தச் சராசரி கிடைக்கிறது. குலுக்கலை நெறிமுறையே செய்துகொள்வதால், முன்கூட்டியே ஒரு கெட்ட பட்டியலைத் தயாரித்து வைக்க யாராலும் முடியாது. ஓட்டத்தின் நடுவே விடைகளை மாற்றக்கூடிய எதிராளி வேறு. ஒப்பீட்டுக்கு வரும் உறுப்புகளின் மதிப்பை அந்தந்தக் கணத்தில் முடிவுசெய்து, விரைவு வரிசையாக்க நிரல்களை n²-க்குத் தள்ளும் ஓர் உத்தியை டக்ளஸ் மெக்கில்ராய் 1999-இல் வெளியிட்டார்.

அட்டவணையில் இல்லாதவை

கடைசிப் பத்தியை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றிணைப்பு முறையும் குவியல் முறையும் விரைவு முறையைவிட மேலானவையாகத் தோன்றும். ஜான் வான் நாய்மன் 1945-இல் வகுத்த ஒன்றிணைப்பு முறை, பட்டியல் அளவுக்கு இன்னொரு நினைவகப் பரப்பைக் கேட்கிறது. வில்லியம்ஸ் 1964-இல் வெளியிட்ட குவியல் முறைக்குக் கூடுதல் இடம் வேண்டாம். ஆனால் அது அணியின் தொலைவான இடங்களுக்குத் தாவிக்கொண்டே இருப்பதால், அடுத்தடுத்த இடங்களை வரிசையாகப் படிக்கும் விரைவு முறையோடு இன்றைய கணினிகளில் பெரும்பாலும் போட்டியிட முடிவதில்லை. வளர்ச்சி வீதம் மாறிலிகளை மறைத்துவிடும் என்பதற்குச் சிறிய பட்டியல்களும் சான்று. ஏழு உறுப்புகளுக்கு விரைவு முறையின் சராசரி 13.5 என்றால் செருகு முறையின் சராசரி சுமார் 14.9, தற்சுழற்சிச் செலவைச் சேர்த்தால் செருகு முறையே முந்தும். நூலகங்கள் சிறு துண்டுகளைச் செருகு முறையிடம் விட்டுவிடுவது இதனால்தான்.

பல பகுதிகளில் முன்பே வரிசையாக வரும் மெய்த் தரவை மனத்தில் வைத்து டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தானுக்காக எழுதியது டிம்சார்ட். அது வரிசையான துண்டுகளை முதலில் கண்டெடுத்து, பிறகு ஒன்றிணைக்கிறது. முதல் பத்தியில் n, கடைசிப் பத்தியில் n log n என்ற இரண்டையும் அது ஒருங்கே தருகிறது.

இன்ட்ரோசார்ட் வேறு வழியில் போகிறது. டேவிட் மஸ்ஸர் 1997-இல் முன்வைத்த இந்த நெறிமுறை விரைவு முறையாகவே தொடங்கி, தற்சுழற்சியின் ஆழத்தை எண்ணிக்கொண்டே வருகிறது. ஆழம் 2⌊log₂ n⌋-ஐத் தாண்டினால், அந்தத் துண்டைக் குவியல் முறையிடம் ஒப்படைத்துவிடுகிறது. 1023 உறுப்புகளுக்கு அந்த எல்லை 18. விரைவு முறையின் நடுப் பத்தியும் குவியல் முறையின் கடைசிப் பத்தியும் ஒரே வரியில் வந்து சேர்வது இப்படித்தான். சி++ மொழியின் 1998 தரநிலை `std::sort`-க்கு n log n என்பதைச் சராசரி அளவில் மட்டுமே கேட்டது. 2011 தரநிலை அதையே மோசமான நிலைக்கும் கட்டாயமாக்கியது.